கட்டைவிரலுக்குக் கீழே இருந்த வரி

பதிப்பகத்தில் அவளுக்குப் பின்னட்டை அக்கா என்று பெயர். முன்னட்டையில் எழுத்தாளர் பெயர் இருக்கும். உள்ளே மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கும். அச்சகத்தின் பெயர்கூடப் பொடி எழுத்தில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னட்டையில் இருக்கிற அந்த நாலு பத்தியை யார் எழுதியது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அதில் அக்காவுக்கு வருத்தமில்லை. கடையில் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போடுகிறவர்கள் தன்னை நம்பித்தான் போடுகிறார்கள் என்று உள்ளூர ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் அவளைப் பிறகு நன்றாகக் கவிழ்த்தது.

அவளுடைய வேலை இப்படி. முதலாளி வெளிநாட்டுப் புத்தகச் சந்தைகளுக்குப் போவார். கூட்டத்துக்கு நடுவே ஒரு புத்தகம் கண்ணில் பட்டால், இடது கையில் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருக்கிற போனில் பின்னட்டையைப் படம் எடுத்து அனுப்புவார். அக்கா உடனே அதைத் தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் மொழிபெயர்ப்பு உரிமை வாங்கலாமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார். வாங்கிவிட்டால், அக்கா எழுதியதே கொஞ்சம் சீவி முடித்துப் பொட்டு வைத்துக்கொண்டு தமிழ்ப் புத்தகத்தின் பின்னட்டையிலும் போய் உட்காரும்.

படங்கள் வருகிற லட்சணத்தைச் சொல்ல வேண்டும். அட்டையின் பளபளப்பில் விளக்கு விழுந்து நடு வரிகள் வெளுத்துப் போயிருக்கும். முதுகோரம் வளைந்து எழுத்தெல்லாம் பள்ளத்தில் சரிந்திருக்கும். விலைச் சீட்டு எங்கே ஒட்டக்கூடாதோ அங்கே சரியாக ஒட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக முதலாளியின் இடது கட்டைவிரல். "உலக இலக்கியத்த எங்க சாரோட கட்டைவிரல் மறைச்ச அளவுக்கு எந்த அரசாங்கமும் மறைச்சதில்ல" என்று அக்கா சொன்னால் அலுவலகமே சிரிக்கும். சிரித்துவிட்டு அவளையே கேட்பார்கள், விரலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று. அவள் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஏனென்றால் பின்னட்டையின் சூட்சுமம் அவளுக்கு அத்துப்படி. உச்சியில் ஆளை இழுக்க ஒரு கொக்கி வரி. கீழே கதை, அதுவும் முடிச்சு அவிழ்வதற்கு ஒரு அடி முன்னால் நின்றுவிடும். அப்புறம் பாராட்டு. அடியில் ஆசிரியரைப் பற்றி இரண்டு வாக்கியம். பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது என்றால் பரிசு கிடைக்கவில்லை என்று அர்த்தம். லட்சக்கணக்கில் விற்ற ஆசிரியர் என்றால் விற்றது வேறு ஏதோ புத்தகம். பாராட்டுக்கு நடுவே மூன்று புள்ளி இருந்தால் அங்கே ஒரு 'ஆனால்' புதைக்கப்பட்டிருக்கலாம். இதையெல்லாம் வந்தது வந்தபடி கொடுக்க வேண்டும். கூட்டினால் பொய், குறைத்தால் விற்காது. மொழியின் வேலை வேறு இருக்கிறது. ஆங்கிலக்காரன் படிப்பவனை அடிக்க வேண்டிய சொல்லை வாக்கியத்தின் வாலில் ஒளித்து வைத்திருப்பான். தமிழில் வால் முழுக்க வினைச்சொல்லுக்குச் சொந்தம். அப்படியே கொண்டுவந்தால் அடி நடுவில் விழுந்து சத்தமில்லாமல் போகும். அக்கா அதை இரண்டாக உடைப்பாள். 'கதவைத் திறந்தாள். உள்ளே உட்கார்ந்திருந்தது அவளேதான்.' இப்படி.

இவ்வளவு தெரிந்த அக்கா புத்தகங்களை முழுசாகப் படிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேரமில்லை என்பாள். பின்பக்கமே போதும், முன்பக்கம் தானாகத் தெரிந்துவிடும் என்றும் சொல்வாள். எல்லோரும் ரசித்த வாய்ச்சவடால் அது.

அந்தப் படம் வந்தபோது மதிய நேரம். ஒரு பெண் எழுதிய தன்வரலாறு. அவர் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். பக்கவாதத்தில் நாக்கு மடங்கிப் போனவர்களைப் பேச வைப்பது அவர் தொழில். ஒரு காலையில் அவருடைய கணவருக்கே பேச்சு நின்றுபோகிறது. பின்னட்டை சத்தமே போடாமல் எழுதப்பட்டிருந்தது. குட்டிக் குட்டி வாக்கியங்கள். ஒரு ஆச்சரியக்குறிகூடக் கிடையாது. கதை, கணவருக்குப் பேச்சு வந்ததா என்று சொல்லாமல் நின்றிருந்தது. அதற்குக் கீழே ஒரு மருத்துவ இதழின் பாராட்டு: 'பேச்சிழந்தவர் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய புத்தகம். இழந்த பேச்சை மீட்கும் வழியைப் படிப்படியாகக் காட்டுகிறது.'

பாராட்டுக்குச் சற்று மேலே கட்டைவிரல் கிடந்தது.

விரல் நகத்துக்கு அந்தப் பக்கம் சாய்ந்த பொடி எழுத்துகளின் வால் தெரிந்தது. வாலுக்குப் பின்னால் இரண்டு புள்ளிகள், ஒன்றின் மேல் ஒன்று. பாராட்டுக்கு மேலே இப்படி ஒரு வரி இருந்தால் அது தலைப்பு. சும்மா பாராட்டுக்கு யாரும் தலைப்புப் போட மாட்டார்கள். இந்தப் புத்தகத்துக்கு வராத பாராட்டை இங்கே கொண்டுவந்து வைக்கும்போதுதான், நாணயத்துக்காக, பொடி எழுத்திலாவது ஒரு வரி போடுவார்கள். அக்காவுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். வழக்கமாக, "சார், விரல எடுத்துட்டு இன்னொண்ணு" என்று ஒரு வரி தட்டிவிடுவாள். அன்றைக்குத் தட்டவில்லை. பாராட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. கேட்டால் என்ன வரும் என்று தெரிந்ததால் அவள் கேட்கவில்லை.

கேட்காததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த அமைதியான பின்னட்டை அவளுக்குச் சப்பென்று இருந்தது. பாராட்டின் சூடு மேலேயும் கொஞ்சம் ஏறட்டும் என்று உச்சி வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'மௌனத்தை வென்ற மகத்தான காதல்!' என்று எழுதினாள். 'பேச்சிழந்த கணவரை மீட்கப் போராடிய மனைவியின் உண்மைக் கதை' என்று அடுத்த வரி. 'வென்ற' என்று மூலத்தில் எங்கேயும் இல்லை. முதலாளி அங்கிருந்தே போன் செய்தார். "அம்மா, பிரமாதம். இத விடக்கூடாது." அக்கா அன்றைக்குக் காற்றில் மிதந்தாள்.

புத்தகம் ஒன்று அட்டைக்கு வருவதற்குள் எவ்வளவோ நடக்கிறது. ஒப்பந்தம், மொழிபெயர்ப்பு, திருத்தம் என்று காலம் ஓடியது. வெளிநாட்டிலிருந்து உள்ளடக்கம்தான் கோப்பாக வந்தது, பின்னட்டை வரவில்லை. அதுதான் நம்ம அக்கா எழுதியது இருக்கிறதே என்று யாரும் தேடவும் இல்லை. இதற்கு நடுவே அக்காவின் அண்ணன் ஒரு நாள் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விழித்தார். என்ன ஆச்சு என்று அண்ணி கேட்டதற்கு வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

அண்ணன் பஸ் நிலையத்தில் மைக் பிடித்தவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது எப்போது கிளம்புகிறது என்று ஊரையே தன் குரலால் ஏற்றி இறக்கியவர். வீட்டில் தண்ணீர் கேட்டாலும் அறிவிப்புப் போலத்தான் இருக்கும். அந்த மனிதரிடம் ஆஸ்பத்திரி ஒரே ஒரு சொல்லை மிச்சம் வைத்தது. "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது. பதிலுக்கு எதைச் சொல்லப் போனாலும் வாய் அதையே சொல்லியது.

அக்கா ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அட்டை வடிவமைப்பாளர் கூப்பிட்டார். "அக்கா, அந்தப் பேச்சுப் பயிற்சி புத்தகம், பின்னட்டைய ஒரு தடவ பாத்துர்றீங்களா? அச்சுக்குப் போகணும்." அவள் போனை எடுத்துப் பார்த்தாள். 'இழந்த பேச்சை மீட்கும் வழியை.' கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் படுத்திருந்தார். அந்த வரி உண்மையாக இருந்துவிடக்கூடாதா என்று இருந்தது. "பழசையே போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

புத்தகம் நன்றாகப் போயிற்று. பாராட்டு வரியைத் தனியாக எடுத்து விளம்பரத்திலும் போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருப்பவள். இயந்திரத்தின் மேல், வெட்டிய துணிகளுக்கு நடுவே, அந்தப் புத்தகம் இருந்தது. அடையாளத்துக்கு உள்ளே அளவு நாடாவை வைத்திருந்தாள். நாடாவின் வால் மேஜையிலிருந்து தொங்கியது.

"உங்க ஆபீஸ் புத்தகம்தான்" என்றாள் அண்ணி. "கடையில துணி எடுக்கப் போனேன், பக்கத்துல புத்தகக் கடை. சும்மா திருப்பிப் பாத்தேன். எனக்குன்னே எழுதின மாதிரி இருந்துச்சு. ஏம்மா, இப்படி ஒரு புத்தகம் போட்டிருக்கீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா?"

அக்கா தொங்கிய நாடாவின் வாலை எடுத்து மேஜை மேல் போட்டாள். "மறந்துட்டேன் அண்ணி" என்றாள்.

"தினம் சாயங்காலம் உங்க அண்ணனுக்குப் படிச்சுக் காட்டுறேன். நல்லா கேக்குறாரு. அந்தப் பொம்பளைக்கும் என்னைய மாதிரியே வாய். ஆனா ஒண்ணு, படிப்படியான்னு போட்டிருக்கே, இன்னும் முதல் படியே வரல. பாதிக்கு மேல வந்தாச்சு."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தங்கையைப் பார்த்துச் சிரித்தார். "சரி, சரி" என்றார், வா உட்கார் என்கிற மாதிரி.

"பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வருவாங்களே, இன்னிக்கு வரலையா?" என்று அக்கா கேட்டாள். பேச்சை மாற்றத்தான் கேட்டாள்.

"அவங்கள நிறுத்திட்டேன்."

"எப்ப?"

"இந்தப் புத்தகம் வாங்கின உடனே. அவங்க வந்து ஆ, ஊன்னு சொல்லச் சொல்றாங்க. படத்தக் காட்டி இது என்னங்கறாங்க. இவருக்கு முகம் சுருங்கிப் போகுது, எனக்குப் பாக்கச் சகிக்கல. புத்தகத்துலதான் எல்லாம் இருக்கே, நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். டாக்டருங்க பத்திரிகையே சொல்லியிருக்கு. அதுவும் நீ வேலை பாக்குற இடத்துல போட்டது. பொய்யா போடுவாங்க?"

அக்கா என்ன செய்தாள்? அந்த இடத்திலேயே, அண்ணி, அது நான் எழுதியது, அதை நம்பாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டீயைக் குடித்தாள். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டாள். வாசல்வரை வந்த அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள். இருக்கிற கோழைகளிலேயே அன்றைக்கு அவள்தான் பெரிய கோழை, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

மறுநாள் முதல் வேலையாக அவள் முதலாளியின் அலமாரியைக் குடைந்தாள். ஒப்பந்தம் முடிந்தால் வெளிநாட்டுக்காரர்கள் அச்சுப் பிரதி ஒன்று அனுப்புவது வழக்கம். அது பார்சலாகவே கிடந்தது, மேலே ஒட்டிய நாடாகூடப் பிரிக்கப்படவில்லை. கத்தரிக்கோலால் கிழித்துப் புத்தகத்தைத் திருப்பினாள். விரல் இல்லாத பின்னட்டையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பாராட்டுக்கு மேலே, சாய்ந்த பொடி எழுத்தில், ஆசிரியரின் முந்தைய நூலான பயிற்சிக் கையேட்டுக்குக் கிடைத்த பாராட்டு என்று போட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு புள்ளிகள்.

படிகள் இருந்தது அந்தக் கையேட்டில். இதில் படியும் இல்லை, ஏணியும் இல்லை.

அன்றைக்கு அவள் வேறு வேலை எதுவும் செய்யவில்லை. தமிழ்ப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். பின்னட்டை அக்கா முழுப் புத்தகம் படிக்கிறாள் என்று பக்கத்து மேஜைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் தலையை நிமிர்த்தவில்லை. அந்தப் பெண் தனக்குத் தெரிந்த பயிற்சியெல்லாம் கணவருக்குக் கொடுத்துப் பார்க்கிறாள். கொஞ்சம் சொற்கள் வருகின்றன, வந்த சொற்களில் சில தங்குகின்றன, பழைய பேச்சு திரும்பவே இல்லை. இருந்தும் பயிற்சியை அவள் ஒரு நாளும் விடுவதில்லை. ஒரு இடத்தில், ஆரம்ப மாதங்களில் கிடைப்பதுதான் அதிகம், அதை வீணாக்கிவிடாதீர்கள் என்று தன் நோயாளிகளின் வீட்டாருக்குச் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொள்கிறாள். அந்தப் பக்கத்தில் அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. அண்ணனின் ஆரம்ப மாதங்களில் கொஞ்சத்தை அவள் ஆச்சரியக்குறி போட்டு விற்றிருந்தாள்.

முதலாளி அறைக்குப் போய் மூலத்தையும் தமிழ்ப் பிரதியையும் அவர் முன்னால் திருப்பி வைத்தாள்.

"சார், இந்தப் பாராட்டு இந்தப் புத்தகத்துக்கு வந்தது இல்ல. அவங்க முன்னாடி எழுதின கையேட்டுக்கு வந்தது."

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ரெண்டையும் எழுதினது ஒரே ஆளுதானே?"

"ஆளு ஒண்ணு சார், புத்தகம் வேற."

"யாராச்சும் புகார் சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்னம்மா? நல்லா போயிட்டிருக்குற புத்தகத்துல போய் ஏன் கை வைக்கணுங்கறீங்க?"

"எங்க அண்ணி வாங்கியிருக்காங்க சார். இத நம்பி, அண்ணனுக்கு வந்துட்டிருந்த பயிற்சிய நிறுத்திட்டாங்க."

முதலாளி கெட்டவர் இல்லை. அவர் முகம் தொங்கிப் போயிற்று. சற்று நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் இடது கையைத் தூக்கிக் கட்டைவிரலைப் பார்த்தார். "என் விரலாலதான் வந்துச்சா இந்த வினை?"

இல்லை சார், வால் எனக்குத் தெரிந்தது, நான்தான் கேட்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றாள். பாவம், அந்த விரல் பழியை ஏற்றுக்கொண்டது. அறையை விட்டு வெளியே வந்த பிறகு அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்றார் முதலாளி. "புதுசா எழுதிக் குடுங்க. ஆனா அழுது வடியக்கூடாது. விக்கணும்." கடைகளுக்குப் போய்விட்ட பிரதிகளை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "போனது போனதுதாம்மா" என்று கையை விரித்தார். ஒரு சீட்டு அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பி ஒட்டச் சொல்லலாம் என்று அக்கா மன்றாடினாள். பார்க்கலாம் என்றார். அவருடைய பார்க்கலாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். இந்த முறை படம் இல்லை, புத்தகமே பக்கத்தில் இருந்தது, உள்ளே இருப்பதும் தெரிந்திருந்தது. பாராட்டை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் அது சரியில்லை என்று பட்டது. இந்தப் பெண் அப்படிப்பட்ட கையேட்டை எழுதியவள் என்பது பெரிய விஷயம், புத்தகத்தை விற்கக்கூடிய விஷயமும்கூட. உலகத்துக்கே வழி சொன்னவளுக்குத் தன் வீட்டில் வழி தெரியாமல் போனதுதானே கதை. பாராட்டு அங்கேயே இருக்கட்டும், தன் தலைப்போடு இருக்கட்டும். தலைப்பைப் பொடி எழுத்தில் போடாமல் பாராட்டின் அளவுக்கே போட வேண்டும் என்று வடிவமைப்பாளரிடம் சொல்லி வைத்தாள். கொக்கி வரிதான் பாடாய்ப் படுத்தியது. மூலத்தில் அது ஒரு சாதாரண வாக்கியம். வீட்டில் இரண்டு பேர், அதில் ஒருவர்தான் பேசுகிறார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நம்மை நிறுத்திவிடும். தமிழில் எழுத எழுத ஒன்று ஒப்பாரியாக ஆனது, இல்லை விடுகதையாக ஆனது. அடித்து அடித்து எழுதினாள்.

எழுதுவதைச் சாக்காக வைத்து அண்ணி வீட்டுக்குப் போவதை ஆறப்போட்டாள். அண்ணியே போன் செய்தாள்.

"ஏம்மா, இன்னும் ரெண்டே அத்தியாயம்தான் பாக்கி. படியெல்லாம் கடைசியில மொத்தமா வச்சிருக்காங்க போல. நாளைக்கு ஞாயித்துக்கிழம, ஒரே மூச்சா முடிச்சிடலாம்னு இருக்கேன். நீயும் வந்துரு. எனக்குப் புரியலன்னா சொல்லித் தருவேல்ல?"

அதற்கு மேல் ஆறப்போட முடியுமா? மறுநாள் காலையிலேயே போய் நின்றாள். அண்ணி இயந்திரத்தில் ஒரு சட்டைக் கையை ஓட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் சவரம் செய்த முகத்தோடு நாற்காலியில் இருந்தார். அக்கா உட்காரவில்லை.

"அண்ணி, கடைசியிலயும் படி இல்ல."

இயந்திரம் நின்றது. "படிச்சிட்டியா நீ?"

"இப்பத்தான் படிச்சேன். அந்தப் பொம்பளையோட வீட்டுக்காரருக்குப் பேச்சு முழுசா வரவே வராது அண்ணி. பின்னாடி போட்டிருக்கிற பாராட்டு வேற புத்தகத்துக்கு வந்தது. அது எனக்கு அப்பவே சந்தேகம். தெரிஞ்சேதான் விட்டேன். அந்தப் பின்னட்டைய எழுதினது நான்தான்."

அண்ணி அவளையே பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பாதியில் நின்ற சட்டைக் கையை ஊசியிலிருந்து எடுத்து, நூலை வெட்டி, மடித்து வைத்தாள். புத்தகத்திலிருந்து அளவு நாடாவை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"சரி" என்றார் அண்ணன். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

"என்ன எழுதியிருக்கணும் அப்ப?" என்று அண்ணி கேட்டாள். "நிஜமா அதுல என்னதான் இருக்கு? அதச் சொல்லு."

அக்கா பையிலிருந்து தாளை எடுத்தாள். எத்தனையோ பின்னட்டைகளை எழுதியவள், ஒன்றைக்கூட யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. வாசித்தாள்.

"எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். பேசுவது நான் மட்டும்."

அண்ணன் டக்கென்று சிரித்தார். சரியாக வராத கையைத் தூக்கி அண்ணியைச் சுட்டிக்காட்டி, "சரி, சரி, சரி" என்றார். அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை உடனே அடக்கிக்கொண்டாள்.

"படி" என்றாள்.

"பேச்சிழந்தவர்களைப் பேச வைப்பது அவள் தொழில். அவள் எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் மீண்டும் பேசினார்கள். ஒரு நாள் காலையில் அவள் கணவருக்குப் பேச்சு நின்றது. அவள் கையேட்டை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். தினமும் ஆரம்பித்தாள். வந்த சொற்கள் கொஞ்சம். வராத சொற்களுக்கு நடுவே இரண்டு பேர் எப்படிச் சண்டை போட்டார்கள், எப்படிச் சமாதானம் ஆனார்கள், எதற்கெல்லாம் சிரித்தார்கள் என்று அவள் சொல்கிறாள்." கீழே, முந்தைய நூலுக்குக் கிடைத்த பாராட்டு என்ற தலைப்பையும் விடாமல் வாசித்தாள். அதற்கடுத்த பாராட்டையும் வாசித்தாள்.

அந்த வீட்டில் அன்றைக்குப் பேசுவதற்கு ஆளே இல்லாமல் போயிற்று. பிறகு அண்ணி நிதானமாகச் சொன்னாள்.

"இதப் போட்டிருந்தாலும் நான் வாங்கியிருப்பேம்மா. அந்தப் பயிற்சிக்காரம்மாவ மட்டும் நிறுத்தியிருக்க மாட்டேன்."

அக்காவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தரையில் வெட்டுத் துணிகள் கிடந்தன, அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னிச்சிடுங்க என்று வாய்வரை வந்தது. அதையும் பின்னட்டை மாதிரி நன்றாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து முழுங்கிவிட்டாள்.

அண்ணி எழுந்துபோய்ப் போனை எடுத்து வந்தாள். எண்ணைத் தேடி அழுத்தி, மணி அடிக்க ஆரம்பித்ததும் அக்காவின் கையில் கொடுத்தாள்.

"அந்தம்மாதான். திரும்ப வரச் சொல்லி நீயே கேளு. நான் அன்னைக்கு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லி அனுப்பிட்டேன், எனக்குக் கேக்க வாய் வராது. எடுத்துச் சொல்றதுதானே உன் தொழில்."

அவள் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவேதான் சொன்னாள். அதுதான் தைத்தது. அக்கா போனைக் காதில் வைத்தாள். எப்படித் தொடங்கினால் அந்தம்மா இறங்கி வருவாள், எந்த வரியை முன்னால் வைக்கலாம், எதைப் பின்னால் தள்ளலாம் என்று பழக்கதோஷத்தில் மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். அக்கா யார் என்று சொன்னாள், யார் வீட்டிலிருந்து என்று சொன்னாள்.

"ஞாபகம் இருக்கு" என்றது அந்தக் குரல். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. "நல்லா வந்துட்டிருந்தாரு. ஏங்க திடீர்னு நிறுத்தினீங்க?"

அண்ணனும் அண்ணியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒரு புத்தகத்துக்குப் பின்னாடி பொய் எழுதியிருந்தேங்க" என்றாள் அக்கா. "எங்க அண்ணி அத நம்பி நிறுத்திட்டாங்க."